எறிபொருள் கணக்கில் தப்பான விடை வந்தால்: எந்த எண் வந்தது, எங்கே தவறியது

ப்ளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் இயக்கம் நடத்தத் தொடங்கியதும், சென்னையில் டியூஷன் எடுக்கும் யாருடைய வாட்ஸ்அப்பும் ஒர்க்ஷீட் படங்களால் நிறைந்துவிடும். பாதிப் படங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில், கட்டைவிரலின் நிழலோடு எடுத்தவை. கீழே ஒரே வரி: "சார், ஆன்சர் வரல." எந்த விடை வந்தது என்று கேட்டு வாங்கினால் போதும், தவறு எங்கே என்று பெரும்பாலும் நோட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்களை வைத்துத்தான் கீழே பிரித்திருக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு இது:

"15 மீ உயரமுள்ள மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துடன் 30° கோணத்தில் மேல்நோக்கி 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. பறக்கும் நேரத்தையும் கிடைத்தள நெடுக்கத்தையும் காண்க. காற்றுத் தடையைப் புறக்கணிக்க. g = 10 மீ/வி²."

சரியான விடை 3 விநாடி, 52 மீட்டர். உங்களுக்கு வேறு எண் வந்திருந்தால் அந்தத் தலைப்புக்குப் போங்கள். உங்கள் ஒர்க்ஷீட்டில் எண்கள் வேறாக இருக்கும்; முதலில் இந்தக் கணக்கை உங்கள் வழக்கமான முறையில் போட்டுப் பாருங்கள். இதில் வரும் தவறுதான் அதிலும் வந்திருக்கும்.

## எந்த எண்ணோடும் பொருந்தவில்லை

செலவில்லாத வேலை, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. பாகைக் குறியின் குட்டி வட்டம் நிழலில் சேர்ந்துகொண்டு 30° என்பது 300 ஆகத் தெரியும். 9.8-இன் புள்ளி காணாமல் போய் 98 ஆகும். இவை விடையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் தவறுகள். ஆபத்தானது, வெட்டுப்பட்ட படம். g-இன் மதிப்பு பெரும்பாலும் கேள்வியில் இருக்காது, ஒர்க்ஷீட்டின் தலைப்பில் "எல்லாக் கணக்குகளுக்கும்" என்று ஒரு முறைதான் இருக்கும். ஆறாவது கேள்வியை மட்டும் வெட்டி எடுத்தால் அது போய்விடும். முழுப் பக்கத்தையும் ஒரு தடவை எடுங்கள், அப்புறம் கேள்வியை மட்டும் தனியாக எடுங்கள்.

படம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சுவர் தரையாகத் தெரியும். தரை எது என்பதற்கு, கோட்டுக்குக் கீழே போட்டிருக்கும் சாய்ந்த சிறு கோடுகளைப் பாருங்கள், அல்லது படத்திலுள்ள எழுத்துகள் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கோணத்தைப் பாகைமானி வைத்துப் படத்தில் அளக்கவே வேண்டாம். சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் கோணம் மாறிவிடும். அச்சிட்ட படமும் அளவுப்படி வரைந்ததாக இருக்காது.

படித்ததை நோட்டில் உங்கள் கையால் மறுபடி எழுதுங்கள்: வேகம், கோணம், கோணம் எந்தக் கோட்டிலிருந்து, உயரம், g. ஐந்தும் கிடைக்காமல் கணக்கைத் தொடங்க வேண்டாம்.

## விடை 34.6 மீட்டர்

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, தற்செயலாக இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. உங்களுடைய பறக்கும் நேரம் என்ன என்று பாருங்கள்.

### நேரம் 2 விநாடி என்றால்

சூத்திரத்தை அப்படியே போட்டிருக்கிறீர்கள்: R = u² sin 2θ / g. 400 × 0.866 / 10 = 34.64. பெருக்கலில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சூத்திரம் இந்தக் கணக்குக்கு உரியது இல்லை. ஏன் இல்லை என்பதை அது பிறந்த இடத்தில் பார்த்தால்தான் தெரியும்.

பந்தின் மீது பறக்கும்போது செயல்படுவது ஈர்ப்பு மட்டும்தான், அதுவும் கீழ்நோக்கி. ஆகவே கிடைத்தளத் திசையில் வேகம் மாறாது. செங்குத்துத் திசையில் ஒவ்வொரு விநாடிக்கும் g அளவு குறையும். மேல்நோக்கிய திசையை பிளஸ் என்று வைத்து இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்:

```
x = (u cos θ) t
y = h + (u sin θ) t − ½ g t²
```

எறிந்த மட்டத்திலேயே பந்து விழுகிறது என்றால் h = 0. விழும்போது y = 0. அப்போது இரண்டாவது வரி இப்படி ஆகும்:

```
0 = t (u sin θ − ½ g t)
t = 2u sin θ / g
R = (u cos θ)(2u sin θ / g) = u² sin 2θ / g
```

முதல் வரியில் t பொதுக் காரணியாக வெளியே வந்தது, கவனித்தீர்களா? அது வெளியே வர முடிந்ததே h இல்லாததால்தான். 15 என்ற எண் அங்கே உட்கார்ந்திருந்தால் t-ஐ வெளியே எடுக்க முடியாது, இருபடிச் சமன்பாடாகத்தான் தீர்க்க வேண்டும். ஆக, சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் "எறிந்த மட்டமும் விழும் மட்டமும் ஒன்று" என்ற நிபந்தனையையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் அது எழுதப்படுகிறது, நோட்டில் கட்டம் போட்டு வைக்கும்போது விட்டுப்போகிறது.

h = 15 என்று வைத்துத் தொடங்கினால்:

```
u cos 30° = 17.32      u sin 30° = 10
0 = 15 + 10t − 5t²
t² − 2t − 3 = 0
(t − 3)(t + 1) = 0
t = 3,  R = 17.32 × 3 = 51.96
```

நம்பிக்கை வரவில்லை என்றால் சூத்திரமே இல்லாமல் விநாடி விநாடியாகப் போட்டுப் பாருங்கள். செங்குத்து வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் 10 குறைகிறது. முதல் விநாடியில் அது 10-இலிருந்து 0 ஆகிறது, சராசரி 5, ஆகவே பந்து 5 மீ ஏறுகிறது. அடுத்த விநாடியில் சராசரி −5, அதற்கடுத்த விநாடியில் −15.

| நேரம் (வி) | செங்குத்து வேகம் (மீ/வி) | உயரம் (மீ) | கிடைத் தொலைவு (மீ) |
|---|---|---|---|
| 0 | 10 | 15 | 0 |
| 1 | 0 | 20 | 17.3 |
| 2 | −10 | 15 | 34.6 |
| 3 | −20 | 0 | 52.0 |

34.6 எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பந்து இன்னும் 15 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் இருக்கிறது. மொட்டை மாடி மட்டத்துக்குத் திரும்பிவந்த நேரத்தோடு கணக்கை நிறுத்திவிட்டீர்கள். இந்த அட்டவணை முறை எழுத இரண்டு நிமிடம்தான் ஆகும். விடை முழு விநாடியில் வராவிட்டாலும், எந்த இரண்டு விநாடிகளுக்கு நடுவே வர வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். தேர்வில் ஓரத்தில் பென்சிலால் போட்டு வையுங்கள்.

### நேரம் 1.73 விநாடி என்றால்

பந்தைக் கிடையாக எறிந்ததாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ½ g t² = 15 என்று போட்டால் t = √3, அதாவது 1.73. அதை 20-ஆல் பெருக்கினால் அதே 34.64. 30° என்பது கணக்குக்குள் நுழையவே இல்லை. ஒர்க்ஷீட்டில் இதற்கு முந்தைய கேள்வி கிடையாக எறியும் கேள்வியாக இருந்தால், அதே கையோடு இதையும் போட்டிருப்பீர்கள். எண்கள் தற்செயலாக ஒத்துப்போனதால், 34.6 வந்த இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் "எனக்கும் அதான் வந்தது" என்று உறுதிப்படுத்திக்கொள்வார்கள். விடையை மட்டும் ஒப்பிட்டால் இது நடக்கும். நேரத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

இதன் இன்னொரு கிளை 30 மீட்டர். நேரம் அதே 1.73, ஆனால் கிடைத் திசையில் மட்டும் ஒழுங்காக 17.32 எடுத்தவர்களுக்கு இது வரும். அவர்கள் பாதிக் கணக்கு சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

## விடை 41.8 மீட்டர்

சைனும் காஸும் இடம் மாறிவிட்டன. கிடைத்தளக் கூறு 10, செங்குத்துக் கூறு 17.32 என்று எடுத்தால் நேரம் 4.18 விநாடி, நெடுக்கம் 41.8 மீ.

இந்தத் தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் சத்தியம் செய்வார்கள், "இதுவரை எல்லாக் கணக்கும் இப்படித்தான் சார் போட்டேன், சரியா வந்துச்சு" என்று. அவர்கள் சொல்வது உண்மைதான். சமதளத்தில் R = 2 (u cos θ)(u sin θ) / g. பெருக்கலில் எது முன்னால், எது பின்னால் என்பது பொருட்டல்ல. கூறுகளை மாற்றிப் போட்டாலும் நெடுக்கம் அதே 34.64. 30°-க்கும் 60°-க்கும் ஒரே நெடுக்கம் என்று படிக்கிறோமே, அதேதான் இது. ஆகவே சமதளக் கணக்குகளில் இந்தத் தவறு வாரக்கணக்கில் மாட்டாமல் ஒளிந்திருக்கும். பெரும உயரம் கேட்டால் மாட்டும், கட்டடத்தின் மேலிருந்து எறிந்தால் மாட்டும்.

பார்க்க வேண்டியவை, எளிதிலிருந்து:

முதலில், கோணம் சிறியதா பெரியதா. 45°-க்குக் கீழே என்றால் பந்து மேலே போவதைவிட முன்னால் போவதுதான் வேகம். கிடைத்தளக் கூறு பெரியதாக இருக்க வேண்டும். 30°-க்கு 10-ஐக் கிடையாக எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, கோணம் எந்தக் கோட்டிலிருந்து. கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் காஸ், எதிரே இருக்கும் பக்கத்துக்குச் சைன். "கிடைக்கு எப்போதும் காஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள், ஒர்க்ஷீட் படத்தில் கோணத்தைச் சுவரிலிருந்து குறித்திருந்தால் விழுந்துவிடுவார்கள். சுவரிலிருந்து 60° என்பதும் கிடைத்தளத்திலிருந்து 30° என்பதும் ஒரே எறிதான். படத்தில் வளைவுக் குறி எந்த இரண்டு கோடுகளைத் தொடுகிறது என்று பார்த்து, முக்கோணத்தை நோட்டில் நீங்களே வரையுங்கள்.

வர்க்கங்களைக் கூட்டிப் பார்ப்பது இங்கே உதவாது. 17.32² + 10² = 400 என்று அழகாக வரும். மாற்றிப் போட்டாலும் அதே அழகு.

## விடை 17.3 மீட்டர்

நேரம் 1 விநாடி வந்திருக்கும். இருபடிச் சமன்பாடு எழுதினீர்களா இல்லையா என்பதை வைத்துப் பிரியுங்கள்.

எழுதவில்லை என்றால், உச்சிக்குப் போகும் நேரத்தைப் பறக்கும் நேரமாக எடுத்துவிட்டீர்கள். v = u sin θ − gt-இல் v = 0 என்று போட்டால் t = 1. உச்சியில் செங்குத்து வேகம் சுழியம். தரையைத் தொடும்போது சுழியம் இல்லை. தரையில் பந்து நின்றுவிடும் என்பதால் v = 0 போட்டேன் என்று சிலர் சொல்வார்கள். நமக்கு வேண்டியது தொடுவதற்கு முந்தைய கணம், அப்போது அது −20 மீ/வி.

எழுதினீர்கள் என்றால் குறியில் தவறு. 15 = 10t + 5t² என்று எழுதியிருப்பீர்கள். இதில் கீழ்நோக்கிய திசையை பிளஸ் என்று எடுத்திருக்கிறீர்கள், அது தப்பில்லை. ஆனால் அப்படி எடுத்தால் மேல்நோக்கிப் போகும் 10-க்கு மைனஸ் போட வேண்டும். போடாததால் பந்தை 30° கீழ்நோக்கி எறிந்ததாகக் கணக்கு நினைத்துக்கொண்டது, பந்து ஒரே விநாடியில் தரைக்கு வந்துவிட்டது. சரியான கணக்கில் t = −1 என்று ஒதுக்கினோமே, அதன் மறுபக்கம்தான் இந்த 1.

## வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வருகிறது

15 = 10t − 5t² என்று எழுதியிருப்பீர்கள். t² − 2t + 3 = 0, தன்மைகாட்டி 4 − 12 = −8. கால்குலேட்டர் பிழை காட்டும், அல்லது மைனஸை ரகசியமாக விட்டுவிட்டு ஏதோ ஒரு விடை எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், சமன்பாடு சொல்வதைக் கேளுங்கள்.

எறிந்த இடத்திலிருந்து 15 மீட்டர் மேலே பந்து எப்போது இருக்கும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பந்து ஏறக்கூடியது u sin θ-இன் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்த அளவு, அதாவது 100 / 20 = 5 மீட்டர்தான். 15-க்கு அது போகவே போகாது, ஆகவே நேரமும் இல்லை. தரை எறிந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது என்பதால் −15 = 10t − 5t² என்று எழுத வேண்டும்.

குறிகளில் அடிக்கடி தடுமாறுபவர்களுக்கு என் யோசனை: தரையை y = 0 என்று வையுங்கள், மாடியை y = 15. மேலே நான் எழுதியதும் அப்படித்தான். இடப்பெயர்ச்சிக்குக் குறி போடும் வேலையே இருக்காது. எறிந்த புள்ளியை ஆதியாக எடுப்பதுதான் பலரும் சொல்லித்தரும் வழி. அதில் தவறில்லை, ஆனால் குறியை மறக்க அது ஒரு கூடுதல் இடம் தருகிறது.

## விடை 60 மீட்டர்

நேரம் 3 சரி. கடைசி வரியில் 17.32-க்குப் பதில் 20-ஐப் பெருக்கிவிட்டீர்கள். செங்குத்துக்கு மட்டும் கூறு எடுத்து, கிடைக்கு முழு வேகத்தை விட்டுவிடும் பழக்கம் இது. கூறுகள் இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டு, அதன் பிறகு 20 என்ற எண்ணைத் தொடாதீர்கள்.

## விடை 2 மீட்டர்

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. போன் கால்குலேட்டரில் அடிக்கடி நடக்கும். sin 30 அழுத்துங்கள்: 0.5 வந்தால் சரி, −0.988 வந்தால் திரையில் RAD என்று இருப்பதை DEG ஆக மாற்றுங்கள். மாநிலப் பாடத்திட்டத் தேர்வில் கால்குலேட்டர் இல்லை என்பதால் 30, 45, 60-க்கான மதிப்புகளைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது.

## விடை 52.8 மீட்டர்

g = 9.8 எடுத்திருக்கிறீர்கள். நேரம் 3.05 விநாடி வந்திருக்கும். முறை முழுக்கச் சரி, ஒர்க்ஷீட் என்ன மதிப்பு சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். சென்னையில் உண்மையான மதிப்பு சுமார் 9.78, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் குறைவு. அதைப் போட்டு ஆசிரியரிடம் வாதாடிய பையன்களும் உண்டு. நிஜத்தில் காற்றுத் தடை செய்யும் வேலைக்கு முன்னால் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. வேளச்சேரி அடுக்குமாடியின் மேலிருந்து டென்னிஸ் பந்தை இதே வேகத்தில் எறிந்தால் அது 52 மீட்டர் போகாது, பல மீட்டர் முன்னாலேயே விழும்.

## எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

படத்தில் எண் உண்மையிலேயே தெரியவில்லை, வகுப்பில் வேறு யாரிடமும் தெளிவான பிரதி இல்லை என்றால், ஊகித்துப் போடாமல் கேட்டுவிடுங்கள். 15-ஆ 16-ஆ என்று இரண்டுக்கும் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

விநாடி அட்டவணை உங்கள் விடையோடு ஒத்துப்போகிறது, விடைக்குறிப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், விடைக்குறிப்புதான் தவறாக இருக்கலாம். மாடியிலிருந்து எறியும் கணக்குக்குச் சமதளச் சூத்திரத்தைப் போட்டு அச்சிட்ட விடைக்குறிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. ஆசிரியரிடம் அட்டவணையைக் காட்டுங்கள்.

சமன்பாடு சரியாக எழுதிவிட்டு, அதைத் தீர்ப்பதில்தான் ஒவ்வொரு முறையும் நிற்கிறீர்கள் என்றால், போக வேண்டியது கணித ஆசிரியரிடம். இயற்பியல் டியூஷனில் இன்னும் பத்துக் கணக்கு போட்டாலும் அது சரியாகாது. சாய்தளத்தின் மீது விழும் பந்து, காற்றுத் தடையோடு கேட்கும் கேள்வி ஆகியவற்றுக்கு இந்தப் பக்கம் பயன்படாது.

படம் அனுப்பும்போது கேள்வியோடு உங்கள் நோட்டின் பக்கத்தையும் அனுப்புங்கள், அழித்ததையும் அடித்ததையும் சேர்த்தே. "ஆன்சர் வரல" என்பதற்குப் பதில், "நேரம் 4.18, நெடுக்கம் 41.8 வருது, கூறு மாறியிருக்கா சார்?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும்.